ஏழு விழுந்தால் எவ்வளவு கொடுக்கலாம்?

பள்ளிக்கூடத்துக் கார்னிவலில் பிள்ளைகள் மொய்க்கும் ஸ்டால்களில் ஒன்று 'செவன் அப், செவன் டவுன்'. அதற்கு ஒரு மேசையும் மூன்றாகக் கோடு போட்ட சார்ட் அட்டையும் இரண்டு பகடைகளும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் போதும். பத்து ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கும் பிள்ளை, 'ஏழுக்குக் கீழே', 'ஏழு', 'ஏழுக்கு மேலே' என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் அதை வைக்கும். ஸ்டாலில் நிற்கும் அண்ணனோ அக்காவோ டப்பாவைக் குலுக்கிக் கவிழ்ப்பார். இரண்டு பகடைகளையும் கூட்டினால் வரும் எண் எந்தக் கட்டத்தைச் சேர்ந்ததோ, அங்கே டிக்கெட் வைத்தவர்களுக்குப் பரிசு. மற்றவர்களின் பணம் நூலகத்துக்கோ விளையாட்டு மைதானத்துக்கோ போகும்.

ஆட்டம் எளிது. பரிசு எவ்வளவு என்று முடிவு செய்வதில்தான் பல ஸ்டால்கள் தடுமாறுகின்றன. கீழேக்கும் மேலேக்கும் 'டபுள்', ஏழுக்கு 'மூன்று மடங்கு' என்று கண்மதிப்பில் எழுதி ஒட்டிவிடுவது வழக்கம். சில இடங்களில் தாராள மனதோடு ஏழுக்குப் பத்து மடங்கு என்று அறிவிப்பார்கள். மூன்று மடங்கு, பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். பத்து மடங்கு என்றால் பள்ளி கைக்காசை இழந்து வீட்டுக்குப் போகும். நடுவில் சரியான எண் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும்.

பத்து மடங்கு என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இரண்டு பகடைகளைக் கூட்டினால் 2 முதல் 12 வரை பதினோரு விடைகள் கிடைக்கும். அவற்றில் 2 முதல் 6 வரை ஐந்து விடைகள் கீழே, 8 முதல் 12 வரை ஐந்து விடைகள் மேலே, ஏழு மட்டும் தனி. ஆக, ஏழு விழும் வாய்ப்பு பதினொன்றில் ஒன்றுதானே, அதற்குப் பத்து மடங்கு கொடுத்தாலும் பள்ளிக்குக் கொஞ்சம் மிஞ்சுமே என்று தோன்றும். பதினோரு விடைகளும் சம வாய்ப்புள்ளவை என்று எண்ணிக்கொள்வதுதான் இதில் உள்ள பிழை. இதே வகைப் பிழையில் பெரிய மேதைகளும் விழுந்திருக்கிறார்கள். நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ், இரண்டு பகடைகளில் பன்னிரண்டு விழுவதும் பதினொன்று விழுவதும் ஒரே அளவு எளிது என்று எழுதினார். ஆறும் ஆறும் சேர்ந்தால் பன்னிரண்டு, ஆறும் ஐந்தும் சேர்ந்தால் பதினொன்று, இரண்டும் ஒவ்வொரு வழிதான் என்பது அவர் கணக்கு.

ஒரு பகடை சிவப்பு, மற்றது நீலம் என்று எடுத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும். சிவப்பில் 6, நீலத்தில் 5 விழுவது ஒன்று. சிவப்பில் 5, நீலத்தில் 6 விழுவது வேறொன்று. ஆகவே பதினொன்றுக்கு இரண்டு வழிகள், பன்னிரண்டுக்கு ஒரே வழி. சிவப்பின் ஆறு முகங்களில் ஒவ்வொன்றுக்கும் நீலத்தின் ஆறு முகங்களும் சேரலாம் என்பதால் மொத்தம் 36 வழிகள், எல்லாமே சம வாய்ப்புள்ளவை. இவற்றில் ஏழு வருவது 6 வழிகளில். சிவப்பில் எது விழுந்தாலும் அதை ஏழாக்கும் எண் ஒன்று நீலத்தில் இருக்கிறது. மீதி 30 வழிகளில் 15 கீழே, 15 மேலே. ஏழு விழும் வாய்ப்பு பதினொன்றில் ஒன்று அல்ல, ஆறில் ஒன்று.

இனி நியாயமான பரிசைக் கணக்கிடலாம். 36 பிள்ளைகள் ஆளுக்கு ஒரு டிக்கெட் வாங்கி, எல்லோரும் 'மேலே' வைக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பகடை குலுக்கப்படுகிறது, 36 வழிகளும் ஒருமுறை வந்துவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். வசூல் 360 ரூபாய். வென்றவர்கள் 15 பேர். வசூல் முழுவதையும் அவர்களுக்கே பிரித்துக் கொடுத்தால் தலைக்கு 24 ரூபாய். 'கீழே' கட்டத்துக்கும் இதே தொகைதான். 36 பேரும் ஏழில் வைத்திருந்தால் வென்றவர்கள் 6 பேர், தலைக்கு 60 ரூபாய். ஆக, பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு 24, 60, 24 என்பவையே நியாயப் பரிசுகள். இப்படிக் கொடுத்தால் நாள் முழுக்க ஆடினாலும் சராசரியில் ஸ்டாலுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

நிதி சேர வேண்டுமானால் இதிலிருந்து கொஞ்சம் குறைக்க வேண்டும். கீழேக்கும் மேலேக்கும் 20 ரூபாய், ஏழுக்கு 50 ரூபாய் என்று வைத்தால், எந்தக் கட்டத்தில் டிக்கெட் வைத்தாலும் 360 ரூபாய் வசூலில் 300 ரூபாய் பரிசாகத் திரும்பும் (15 பேருக்கு 20, அல்லது 6 பேருக்கு 50). 60 ரூபாய் பள்ளிக்கு. டிக்கெட் ஒன்றுக்குச் சராசரியாக 1 ரூபாய் 67 காசு, அதாவது ஆறில் ஒரு பங்கு. இதுதான் ஸ்டாலின் சாதகம். மூன்று கட்டங்களிலும் அது ஒரே அளவாக இருப்பது முக்கியம். இல்லாவிட்டால், கணக்குத் தெரியாத பிள்ளை தற்செயலாக மோசமான கட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்காக அதிகம் இழக்கும்.

வழக்கமான 'ஏழுக்கு மூன்று மடங்கு' பலகையை இப்போது சோதித்துப் பார்க்கலாம். ஏழில் வைத்த 36 பேரில் 6 பேருக்கு 30 ரூபாய் வீதம் 180 ரூபாய் போகிறது. மீதி 180 ரூபாய் ஸ்டாலில் நின்றுவிடுகிறது. பாதிக்குப் பாதி! பக்கத்துக் கட்டத்தில் ஆறில் ஒரு பங்கு எடுக்கும் அதே மேசை, ஏழை நம்பிய பிள்ளையிடம் பாதியை எடுத்துக்கொள்கிறது. பத்து மடங்கு பலகையில் நிலைமை தலைகீழ். 6 பேருக்கு 100 ரூபாய் வீதம் 600 ரூபாய் கொடுக்க வேண்டும், வசூலோ 360தான். விவரம் தெரிந்த ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் ஏழிலேயே வைத்துக்கொண்டிருந்தால் மதியத்துக்குள் பரிசு மேசை காலியாகிவிடும்.

'டபுள்' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு மொத்தமாக 20 ரூபாய் கொடுப்பதா, டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்து அதற்கு மேல் 20 ரூபாயா? இரண்டாவது பொருளில் எடுத்துக்கொண்டால் வென்றவர் கையில் 30 ரூபாய். 15 பேருக்கு 450 ரூபாய். ஸ்டால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சராசரியாக இரண்டரை ரூபாய் இழக்கும். காலையில் நிற்பவர் ஒரு மாதிரியும், மாலையில் பொறுப்பேற்பவர் வேறு மாதிரியும் புரிந்துகொண்டு கொடுப்பது நடக்கக்கூடியதே. மடங்கு என்று எழுதாமல், வென்றவர் கைக்கு மொத்தம் என்ன போகும் என்பதையே பலகையில் எழுதிவிட்டால் இந்தச் சண்டை வராது.

இதுவரை பார்த்தது எல்லாம் சராசரிக் கணக்கு. கார்னிவல் நடப்பது ஒரே நாள். அந்த ஒரு நாளில் சராசரி கைகொடுக்குமா என்பது, எத்தனை டிக்கெட் விற்றது என்பதைவிட எத்தனை முறை பகடை உருண்டது என்பதைப் பொறுத்தது. 300 டிக்கெட் விற்பனை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனியாகக் குலுக்கினால் எதிர்பார்க்கும் லாபம் 500 ரூபாய், நாள் நஷ்டத்தில் முடியும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான். ஆனால் 300 முறை குலுக்க யாருக்கு நேரம்? பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து 30 முறை குலுக்குவதே நடைமுறை. பிள்ளைகளோ நண்பன் வைத்த இடத்திலேயே வைப்பார்கள். பத்துப் பேரும் 'மேலே' வைத்துவிட்டால், 100 ரூபாய் வசூலுக்கு ஒன்று 200 ரூபாய் கொடுக்க வேண்டும், அல்லது ஒன்றுமே கொடுக்க வேண்டாம். நாள் முழுக்க இப்படியே நடந்தால் எதிர்பார்க்கும் லாபம் அதே 500 ரூபாய்தான், ஆனால் நஷ்டத்தில் முடியும் வாய்ப்பு ஏறக்குறைய எட்டில் ஒன்றாகிவிடுகிறது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பணத்தை வைத்துக்கொண்டு எடுக்கக்கூடிய அபாயம் அல்ல இது.

பத்துப் பேரில் ஐந்து பேர் கீழேயும் ஐந்து பேர் மேலேயும் வைத்தால் என்ன ஆகும்? வசூல் 100 ரூபாய். ஏழைத் தவிர எது விழுந்தாலும் ஐந்து பேருக்கு 20 ரூபாய் வீதம் 100 ரூபாய் போய்விடும். ஏழு விழுந்தால் மட்டும் நூறும் பள்ளிக்கு. இந்த ஆட்டத்தில் ஸ்டாலின் வருமானம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது. தோற்றவர் பணம் வென்றவருக்குப் போகிறது, யாருக்கும் சொந்தமில்லாத ஏழுதான் பள்ளிக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது.

அந்த ஏழிலும் இரண்டு பேரை மட்டும் அனுமதித்தால் ஒரு அழகான சமநிலை பிறக்கிறது. கீழே ஐந்து டிக்கெட், மேலே ஐந்து, ஏழில் இரண்டு. மொத்தம் 12 டிக்கெட், 120 ரூபாய். கீழே விழுந்தால் ஐந்து இருபது, நூறு ரூபாய். மேலே விழுந்தாலும் நூறு. ஏழு விழுந்தால் இரண்டு ஐம்பது, அப்போதும் நூறு. பகடை எப்படி உருண்டாலும் பள்ளிக்கு 20 ரூபாய் நிச்சயம். அதிர்ஷ்டம் பிள்ளைகளுக்கு இடையே மட்டும் வேலை செய்யும், பள்ளியின் கணக்கை அது தொடாது.

ஆகவே சார்ட் அட்டையில் மூன்று பெரிய கட்டங்களுக்குப் பதிலாக 12 சிறு கட்டங்கள் போட வேண்டும், ஐந்து, இரண்டு, ஐந்து என்று. முதலில் வருபவர் விரும்பிய கட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். பிந்தி வருபவர் மிச்சமிருப்பதில் வைக்கலாம், அல்லது அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம். பன்னிரண்டும் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அதிகபட்சப் பரிசு நூறு ரூபாய்தான் என்பதால், பத்து டிக்கெட் சேர்ந்ததும் துணிந்து குலுக்கலாம். எந்தப் பத்துக் கட்டங்கள் நிரம்பியிருந்தாலும் அந்தச் சுற்றில் கைநஷ்டம் வராது.

இதற்கு மேலும் ஒரு படி போக முடியும். பரிசு பணமாக இல்லாமல் பொருளாகக் கொடுக்கப்படும்போது, ஸ்டாலுக்கு இரண்டாவது வருமானம் ஒன்று கிடைக்கிறது. அது மொத்த விலைக் கடையின் தள்ளுபடி. நோட்டு, பேனா, ஸ்கெட்ச் பாக்கெட், மிட்டாய் ஆகியவற்றை மொத்தமாக வாங்கும்போது அச்சிட்ட விலையில் நான்கில் ஒரு பங்கு குறைந்து கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பரிசைக் குறைக்க வேண்டிய தேவையே இல்லை. 24, 60, 24 என்ற முழு நியாயப் பரிசையே கொடுக்கலாம். 20 ரூபாய் நோட்டும் நாலு ஒரு ரூபாய் மிட்டாயும் சேர்ந்தால் 24. ஒரு 50 ரூபாய்க் கதைப் புத்தகமும் பத்து ரூபாய்ப் பேனாவும் சேர்ந்தால் 60. ஒரு சுற்றில் 120 ரூபாய் வசூலாகிறது, 120 ரூபாய் பெறுமானமுள்ள பொருள் பிள்ளைகளுக்குத் திரும்பிப் போகிறது. ஆனால் அந்தப் பொருளைப் பள்ளி வாங்கிய விலை 90 ரூபாய். 30 ரூபாய் மிச்சம். பரிசைக் குறைத்துப் பணமாகக் கொடுத்தபோது மிஞ்சிய 20 ரூபாயைவிட இது அதிகம், அதுவும் பிள்ளைகளிடம் ஒரு காசுகூட அதிகம் எடுக்காமல். பள்ளி நிதிக்காக நடத்தும் பகடை ஆட்டத்துக்கு இதைவிட நேர்மையான வடிவம் இல்லை.

நாற்பது சுற்றுகள் நடத்தத் திட்டமிட்டால் எவ்வளவு பொருள் வாங்கி வைப்பது? ஏழு சராசரியாக ஆறேழு சுற்றுகளில் விழும். ஆனால் பன்னிரண்டு முறை விழுந்தாலும் ஆச்சரியமில்லை, இரண்டு முறையோடு நின்றுவிடும் நாளும் உண்டு. இரண்டு ஓரங்களுக்கும் தயாராக 12 சுற்றுகளுக்கான பெரிய பரிசு 24ம், 38 சுற்றுகளுக்கான சிறு பரிசு 190ம் வாங்கி வைத்தால் போதும். பெரியதற்கு 45 ரூபாய், சிறியதற்கு 18 ரூபாய் என்று மொத்தச் செலவு 4,500 ரூபாய். எல்லாச் சுற்றுகளும் நிரம்பினால் வசூல் 4,800. ஏழு எத்தனை முறை விழுந்தாலும் தீர்ந்துபோகும் பொருளின் விலை 3,600தான், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் சரியாக 90 ரூபாய் போகிறது. மிச்சம் 900 ரூபாய்ச் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் கடையாகப் பார்த்து வாங்கினால் கையில் 1,200 ரூபாய் நிற்கும். மாலையில் எண்ணிப் பார்க்கும்போது தொகை இதற்கு ஒத்து வராவிட்டால், பகடையைக் குறை சொல்ல வழியில்லை. சில சுற்றுகள் நிரம்பாமல் குலுக்கப்பட்டிருக்கும், அல்லது பரிசு தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கும்.

பகடை நேர்மையானதா என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. பன்னிரண்டு கட்ட அட்டையில் கோணல் பகடை பள்ளியைப் பாதிக்காது, பிள்ளைகளைப் பாதிக்கும். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று அட்டைப் பெட்டியில் பெரிய பகடை செய்வார்கள். அதில் ஒரு பக்கம் அரை அங்குலம் குறைந்துவிட்டால் அது கனசதுரம் அல்ல, அகலமான முகங்கள் அடிக்கடி படுத்துக்கொள்ளும். கார்னிவலுக்கு முன்பே ஒவ்வொரு பகடையையும் 180 முறை உருட்டி எழுதிப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு எண்ணும் 30 முறை வர வேண்டும். 22, 37 என்று ஏறி இறங்குவது இயல்பே. ஏதாவது ஓர் எண் 15 முறைக்கும் குறைவாகவோ 45 முறைக்கும் அதிகமாகவோ வந்தால் அந்தப் பகடையை ஒதுக்கிவிட வேண்டும். கடையில் வாங்கிய சிறிய பிளாஸ்டிக் பகடையை, அது மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் போட்டுச் சுண்டிவிட்டும் பார்க்கலாம். எத்தனை முறை சுண்டினாலும் ஒரே முகம் மேலே வந்து நின்றால், எதிர்ப்பக்கம் கனமாக இருக்கிறது என்று பொருள்.

இதில் ஒரு வியப்பான செய்தி உண்டு. ஒரு பகடை எவ்வளவு கோணலாக இருந்தாலும், மற்றது சரியாக இருந்தால் ஏழு விழும் வாய்ப்பு துல்லியமாக ஆறில் ஒன்றாகவே இருக்கும். கோணல் பகடையில் எது விழுந்தாலும், அதை ஏழாக்கும் எண் நல்ல பகடையில் விழ ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கிறது அல்லவா? கீழேயும் மேலேயும்தான் சமம் இழக்கும். ஆகவே ஏழு சரியாக விழுகிறது என்பதை மட்டும் வைத்துப் பகடைக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது.

பிரிட்டனில் 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம், லாப நோக்கமில்லாத நிகழ்ச்சிகளில் இப்படிப் பரிசு ஆட்டங்கள் நடத்த இடம் தருகிறது. பணம் எந்த நற்காரியத்துக்குப் போகிறது என்று ஆடுபவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. தமிழ்நாட்டில் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் நடப்பில் இருக்கிறது, லாட்டரிக்கு 2003 முதல் தடையும் இருக்கிறது. பகடை முழுக்க முழுக்க அதிர்ஷ்டத்தின் ஆட்டம். ஆகவே பரிசாகப் பணம் கொடுக்கும் பேச்சே கூடாது. பொருளாகக் கொடுப்பதற்கும் தலைமையாசிரியரின் ஒப்புதலும், தேவையானால் சட்டம் தெரிந்தவரின் ஆலோசனையும் பெற்றுக்கொண்ட பிறகே ஸ்டால் போட வேண்டும். வாய்ப்புக் கணக்கைக் கற்றுக்கொடுப்பதுதான் நோக்கம் என்றால், நுழைவுக் கட்டணம் எதுவும் வாங்காமல் எல்லோருக்கும் சம எண்ணிக்கையில் டோக்கன் கொடுத்து ஆடவிடலாம். பன்னிரண்டு கட்ட அட்டை அதற்கும் பொருந்தும்.

ஸ்டால் போடப்போகும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'ஏழுக்கு மூன்று மடங்கு' என்ற பழைய பலகையை இந்த ஆண்டு எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைக்கும் பரிசின் பெறுமானம், அது விழ எத்தனை வாய்ப்பு, ஒரு சுற்றில் பள்ளிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது, அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதைப் பிள்ளைகள் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.